1779-ல் எழுதிய ஒப்பந்தத்தை 1960-ல் எந்தச் சட்டத்தை வைத்துப் படிப்பது?

வாசு
ஜனவரி 11

தாத்ரா, நகர் ஹவேலி வழக்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். டாமன் கடற்கரையிலிருந்து உள்நாட்டில் இருக்கும் அந்த இரண்டு துண்டு நிலத்துக்கும் இந்திய மண் வழியாகப் போய்வர உரிமை உண்டு என்று போர்ச்சுகல் உலக நீதிமன்றத்தில் போட்ட வழக்கு. 1955-ல் போட்டு, 1960 ஏப்ரலில் தீர்ப்பு வந்தது.

போர்ச்சுகல் காட்டிய முதல் ஆதாரம், 1779-ல் மராத்தியர்களோடு செய்த புனே ஒப்பந்தம். அது முறைப்படி முடிவான ஒப்பந்தமே இல்லை என்று இந்தியா வாதாடியது. நீதிமன்றம் ஒப்புக்கொள்ளவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில், அன்றைக்கு இந்தியத் தீபகற்பத்தில் இருந்த நிலைமையில் செய்த ஒப்பந்தத்தை, பிற்காலத்தில் மெல்ல மெல்ல வளர்ந்த நடைமுறைகளை வைத்து எடைபோடக் கூடாது என்று சொல்லிவிட்டது.

எனக்கு இது பிடிபடவில்லை. பீரங்கி வைத்திருந்தவன் சொன்னதுதான் அன்றைக்குச் சட்டம். அந்தச் சட்டத்தை வைத்தே அவன் பத்திரத்தைச் சோதித்தால் அவன் எந்தக் காலத்தில் தோற்பான்? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஓலைக்கட்டு
ஜனவரி 12

அவன் தோற்றான் தம்பி, அதே ஒப்பந்தத்தில். நீங்கள் படித்த பத்திக்கு அடுத்த பக்கத்தையும் படியுங்கள்.

நீதிமன்றம் அங்கே இரண்டு கேள்விகளைத் தனித்தனியாக எடுத்துக்கொண்டது. முதலாவது, 1779-ல் ஒப்பந்தம் என்று ஒன்று உண்டானதா? இதற்கு அவர்கள் தேடியது முத்திரையையோ, இரு பக்கமும் ஒரே வாசகத்தில் கையெழுத்திட்ட பிரதியையோ அல்ல. மராத்தியர்கள் அதைத் தங்களைக் கட்டுப்படுத்தும் உடன்பாடாக நினைத்து நடந்துகொண்டார்களா என்று பார்த்தார்கள். 1783-லும் 1785-லும் மராத்திய அரசே சனது எனப்படும் கொடை ஆணைகள் இரண்டைக் கொடுத்து, ஒப்பந்தத்தில் சொன்னபடி கிராமங்களை ஒதுக்கியிருக்கிறது. அப்புறம் எழுதிய மராத்திய ஆவணங்களிலும் அந்த ஒப்பந்தம் திரும்பத் திரும்ப வருகிறது. எழுதிக் கொடுத்தவரே செல்லும் என்று நடந்துகொண்டதை, 180 வருஷம் கழித்து இன்னொருவர் வந்து படிவம் சரியில்லை என்று தள்ள முடியாது. இந்தியாவின் அந்த வாதம் அதோடு விழுந்தது.

இரண்டாவது கேள்வி, அந்த ஒப்பந்தம் என்ன கொடுத்தது? போர்ச்சுகல் சொன்னது: நாட்டையே கொடுத்தது, எங்கள் இறையாண்மை அங்கிருந்துதான் தொடங்குகிறது. ஆனால் ஒப்பந்தத்தில் இருந்தது, வருஷத்துக்கு 12,000 ரூபாய் வருமானம் வரும் கிராமங்களை ஒதுக்குவதாக ஒரு வாக்கு. அந்தக் காலத்து மராத்திய வழக்கில் இப்படி ஒதுக்குவதற்குச் சரஞ்சாம் என்று பெயர், ஜாகீர் மாதிரி. வரியை வாங்கிக்கொள்ளலாம், ஆட்சி கொடுத்தவரிடமே இருக்கும். இந்த மாதிரி வாசகத்தை நாட்டையே விட்டுக்கொடுத்ததாக யாராவது எங்காவது பொருள்கொண்டதற்கு ஒரு உதாரணம்கூட எங்கள் முன் வைக்கப்படவில்லை என்று நீதிபதிகள் எழுதியிருக்கிறார்கள். ஆகவே 1779 போர்ச்சுகலுக்குக் கொடுத்தது வரி வருமானம் மட்டும்.

ஒப்பந்தத்தைச் செல்லும் ஆக்கியதும் அந்தக் காலத்து வழக்கம்தான், அதைச் சுருக்கியதும் அந்தக் காலத்து வழக்கம்தான். 1960-ன் கண்ணால் படித்திருந்தால், 'இன்ன இன்ன ஊர்களைக் கொடுத்தேன்' என்ற ஆவணம் நில ஒப்படைப்பு மாதிரிதான் தெரிந்திருக்கும்.

ஓலைக்கட்டு
ஜனவரி 12, சற்றுப் பின்

ஒன்று விட்டுப்போனது. பீரங்கி என்றீர்களே, 1779-ல் அந்தப் பக்கம் பெரிய கை மராத்தியர்களுடையது. அந்த ஜனவரியில்தான் வட்காவில் கம்பெனிப் படையை மடக்கி உடன்படிக்கைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஆங்கிலேயரோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரத்தில் போர்ச்சுகீசியரைத் தங்கள் பக்கம் வைத்துக்கொள்ளப் பேஷ்வா தரப்பு விரும்பியது. அதற்கு 12,000 ரூபாய் கிராமங்கள். மிரட்டி எழுதி வாங்கியது என்று இதைச் சொல்ல முடியாது. காலனி ஆதிக்கம் முழுவதையும் ஒரே அச்சில் வார்த்துவிட்டால், அன்றைய இந்திய அரசர்கள் தங்கள் கணக்கோடு செய்த காரியங்கள் கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

சலீமா
ஜனவரி 13

சட்டக் கல்லூரி மூன்றாம் ஆண்டு. இன்டர்டெம்போரல் லா என்று எங்களுக்குப் பாடம் உண்டு. பால்மாஸ் தீவு வழக்கில் மாக்ஸ் ஹூபர் சொன்ன விதி: ஒரு சம்பவத்தை அது நடந்த காலத்துச் சட்டத்தை வைத்துத்தான் பார்க்க வேண்டும், தகராறு வந்த காலத்துச் சட்டத்தை வைத்து அல்ல.

ஆனால் அங்கே அவரே தன் விதியை மீறிவிட்டார் என்று தோன்றுகிறது. பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரர்கள் தீவைக் கண்டுபிடித்தார்கள். அன்றைக்குச் சட்டப்படி கண்டாலே போதும், சொந்தம். அந்தச் சொந்தம் 1898-ல் அமெரிக்காவுக்குப் போனது. விதிப்படி அமெரிக்காதானே ஜெயித்திருக்க வேண்டும்? தீவைக் கொடுத்ததோ நெதர்லாந்துக்கு.

குமரவேல்
ஜனவரி 13

இவ்வளவு தூரம் ஏன் போகிறீர்கள், கச்சத்தீவு இருக்கிறதே. ராமநாதபுரம் சேதுபதி சீமையைச் சேர்ந்தது. ஜமீன் கணக்கில் இருந்தது, குத்தகைக்கு விட்டிருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சட்டப்படி பார்த்தால் தீவு நம்முடையது. இந்த விதியை வைத்தே உலக நீதிமன்றத்துக்குப் போகலாமே?

ஓலைக்கட்டு
ஜனவரி 14

சலீமா, ஹூபர் சொன்னதில் பாதியைத்தான் எழுதியிருக்கிறீர்கள். அந்த வாக்கியத்தோடு அவர் நிறுத்தவில்லை.

கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் பயன்படும். மிண்டனாவோவுக்குத் தெற்கே ஒரு குட்டித் தீவு. இரண்டு மைல் நீளம், ஒரு மைல்கூட இல்லாத அகலம், சில நூறு பேர் குடியிருந்தார்கள். 1898 டிசம்பரில் பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் பிலிப்பைன்ஸை அமெரிக்காவுக்குக் கொடுத்தது. கடலில் ஒரு கோடு வரைந்து, அதற்குள் இருப்பதெல்லாம் உன்னுடையது என்றார்கள். பால்மாஸ் அந்தக் கோட்டுக்குள் இருந்தது. 1906 ஜனவரியில் ஜெனரல் லியோனார்ட் வுட் தீவுக்குப் போய் இறங்கினார். அங்கே பறந்தது டச்சுக் கொடி. பிறகு கடிதங்கள், 1925-ல் மத்தியஸ்தத்துக்கு உடன்பாடு, 1928 ஏப்ரல் 4-ல் தீர்ப்பு. ஒரே மத்தியஸ்தர், சுவிட்சர்லாந்துக்காரர் ஹூபர்.

அவர் சொன்னதன் இரண்டாம் பாதி இது: ஒரு உரிமை பிறப்பது வேறு, அது தொடர்ந்து இருப்பது வேறு. பிறந்தபோது இருந்த சட்டத்துக்கு உட்பட்டுத்தான் உரிமை பிறக்கும். ஆனால் அது நிலைத்திருக்க வேண்டுமானால், சட்டம் வளர வளர அது கேட்பதையும் நிறைவேற்றிக்கொண்டே வர வேண்டும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டம் கேட்டது, அந்த இடத்தில் ஆட்சி நடக்க வேண்டும் என்பது. கண்டுபிடிப்பு ஸ்பெயினுக்கு என்ன கொடுத்திருந்தாலும் சரி, முழு உரிமை என்றே வைத்துக்கொண்டாலும் சரி, அதற்குப் பிறகு ஸ்பெயின் அங்கே ஆண்டதற்குச் சான்று இல்லை. டச்சுப் பக்கத்தில் என்ன இருந்தது? 1677-லிருந்து டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி சங்கித் தீவுகளின் அரசர்களோடு செய்துகொண்ட ஒப்பந்தங்கள், பிற்காலத்தில் வரி வாங்கிய பதிவுகள், கொடி. நிறைய இல்லை. ஆனால் இடையில் யாரும் எதிர்க்கவில்லை, 1906 வரையில்.

தன்னிடம் இல்லாததை ஸ்பெயின் கொடுத்திருக்க முடியாது. பாரிஸில் வரைந்த கோட்டுக்குள் தீவு விழுந்தது என்பதற்காக மூன்றாவது ஆளான நெதர்லாந்தின் உரிமை கரைந்துபோகாது. ஹூபர் விதியை மீறவில்லை. விதியே இரண்டு கால்களில் நிற்கிறது.

சலீமா
ஜனவரி 14

நன்றி ஐயா. எங்கள் நோட்ஸில் முதல் வாக்கியம் மட்டும்தான் இருந்தது. ஆனால் அந்த இரண்டாம் கால் எனக்குப் பயமாக இருக்கிறது. சட்டம் மாறும்போதெல்லாம் பழைய உரிமையையும் புதுப்பித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்றால், உலகத்தில் எந்த நாட்டின் எல்லை உறுதியாக நிற்கும்?

ஓலைக்கட்டு
ஜனவரி 15

நீங்கள் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. தீர்ப்பு வந்த அதே 1928-ல் பிலிப் ஜெசப் இதைத்தான் எழுதினார். இதை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டால் ஒவ்வொரு அரசும் தன் பட்டாவை நாள்தோறும் சோதித்துக்கொண்டிருக்க வேண்டும், ஒரு உரிமையும் பத்திரமாக இராது என்பது அவர் வாதம். அவரே பின்னாளில் உலக நீதிமன்றத்தில் நீதிபதியாக உட்கார்ந்தார்.

நடைமுறையில் அவ்வளவு கடுமையாகப் போனதில்லை. ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில் மிகக் கொஞ்சம் ஆட்சி இருந்தாலே போதும் என்று பிற்காலத் தீர்ப்புகள் ஏற்றுக்கொண்டன. எதிராளி ஒருவன் வந்து ஆளத் தொடங்கி, நீங்கள் வாயைத் திறக்காமல் இருந்தால்தான் இரண்டாம் கால் உங்கள் மேல் விழும். எதிராளியே இல்லாத இடத்தில் தூங்கியவனின் உரிமையைச் சட்டம் தானாக வந்து பிடுங்குவதில்லை.

ஓலைக்கட்டு
ஜனவரி 15, மாலை

குமரவேல், உங்கள் கேள்விக்கு வருகிறேன். நீங்கள் இரண்டு விஷயங்களை ஒன்றாக்குகிறீர்கள்.

சேதுபதி சீமைக்குத் தீவின்மேல் என்ன உரிமை இருந்தது என்பது உண்மையிலேயே அந்தந்தக் காலத்துச் சட்டத்தை வைத்துப் பார்க்க வேண்டிய கேள்வி. ஆனால் அங்கேயும் சரஞ்சாம் போலவே ஒரு சிக்கல் காத்திருக்கிறது. ஜமீன்தாரின் குத்தகைக் கணக்கு காட்டுவது வருமான உரிமையையா, அல்லது அவருக்கு மேலே இருந்த அரசின் ஆட்சியையா? கொழும்பிலும் சென்னையிலும் ஒரே பிரிட்டிஷ் கொடி பறந்த காலத்தில் இது இன்னும் கடினம். இலங்கைக்கும் தன் பக்கத்து ஆவணங்கள் உண்டு.

ஆனால் அந்தக் கேள்விக்கு மேல் 1974 வந்து உட்கார்ந்துவிட்டது. இரண்டு அரசுகள் பாக் நீரிணையில் எல்லை வரைந்து கையெழுத்திட்டன. 1976-ல் மன்னார் வளைகுடாப் பக்கமும் எல்லை போட்டார்கள். சர்வதேச நீதிமன்றம் முதலில் பார்ப்பது அந்த எல்லை ஒப்பந்தத்தைத்தான். அது 1974-ல் பிறந்த உரிமை, 1974-ன் சட்டத்தை வைத்துத்தான் அதை எடைபோட வேண்டும். அந்தச் சட்டப்படி பார்த்தால் அதில் பெரிய ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை. நாடாளுமன்றம் அரசியல் சட்டத் திருத்தம் செய்திருக்க வேண்டுமா என்பது இந்தியாவுக்கு உள்ளே இருக்கும் கேள்வி. அதற்கு இந்திய நீதிமன்றம் உண்டு, அது தனி வழி.

குமரவேல்
ஜனவரி 15

ஒப்பந்தம் போட்டவர்கள் எங்களைக் கேட்கவில்லை. வலை காய வைத்த உரிமை யார் கணக்கில் வரும்? ராமேஸ்வரத்தில் என் மாமா குடும்பம் தலைமுறையாகப் போய்வந்த இடம் அது. ஜமீன் கணக்கை விடுங்கள், அந்தப் போக்குவரத்துக்கு மதிப்பு இல்லையா?

ஓலைக்கட்டு
ஜனவரி 16

இருக்கிறது. நல்ல கேள்வி, முந்தைய கேள்வியைவிட நல்ல கேள்வி. தாத்ரா வழக்கில் போர்ச்சுகலுக்குப் பாதை உரிமை கிடைத்தது அப்படி ஒரு போக்குவரத்தை வைத்துத்தான். ஒப்பந்தம் கொடுக்காததை நீண்ட கால வழக்கம் கொடுத்தது. இரண்டு நாடுகளுக்கு இடையில் மட்டும் இருக்கும் வழக்கமும் சட்டமாகும் என்று நீதிமன்றம் முதன்முதலாகத் தெளிவாகச் சொன்னது அங்கேதான்.

கச்சத்தீவு விஷயத்தில் 1974 ஒப்பந்தமே மீனவர்களும் யாத்ரீகர்களும் போய்வருவதைப் பற்றிப் பேசுகிறது. அது எதுவரை போகும், மீன்பிடிப்பையும் சேர்க்குமா என்பதில் இரண்டு அரசுகளும் ஒத்துப்போகவில்லை. இதில் உங்களுக்கு முடிவான பதில் என்னிடம் இல்லை. ஆனால் வாதாட வேண்டிய இடம் இதுதான், சேதுபதி பட்டயம் அல்ல.

தேவகி
ஜனவரி 17

நான் வேறு விஷயமாக வந்தேன், தலைப்பைப் பார்த்து நின்றேன். எனக்கு 1984-ல் கல்யாணம். அப்பா 1986-ல் போய்விட்டார். பூர்வீக நிலத்தை அண்ணன்மார் தங்களுக்குள் வாய்வார்த்தையாகப் பிரித்துக்கொண்டார்கள். இப்போது பெண்களுக்கும் பங்கு என்கிறார்கள். நீங்கள் எல்லாரும் சொல்வதைப் பார்த்தால் அன்றைய சட்டம்தான் எனக்கும், அப்போது ஒன்றும் கிடைக்காது, அப்படித்தானே?

ஓலைக்கட்டு
ஜனவரி 17

அம்மா, அப்படி அல்ல. இங்கே பேசிக்கொண்டிருப்பது நாடுகளுக்கு இடையிலான சட்டம். அங்கே சட்டமன்றம் கிடையாது, அதனால்தான் எந்தக் காலத்துச் சட்டம் என்பதை நீதிபதி யோசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உள்நாட்டில் சட்டமன்றம் தானே சொல்லிவிடும், இது பழையதையும் தொடும், இன்ன தேதிக்கு முன் நடந்ததைத் தொடாது என்று.

தமிழ்நாடு 1989-ல் கொண்டுவந்த திருத்தம் அதற்கு முன்பே கல்யாணமான பெண்களை விட்டுவிட்டது. 2005-ல் மத்திய திருத்தம் அந்தக் கோட்டை அழித்தது. 2004 டிசம்பர் 20-க்கு முன் முடிந்த பாகப்பிரிவினைகளை மட்டும் காப்பாற்றியது. 2005-ல் தந்தை உயிரோடு இருக்க வேண்டியதில்லை என்று 2020-ல் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. வாய்வார்த்தைப் பிரிவினையை நீதிமன்றங்கள் எளிதில் நம்புவதில்லை. ஆனால் பட்டா எப்போது யார் பேரில் மாறியது, அப்பா இறந்ததும் பங்கு எப்படிப் போனது என்று உங்கள் தாள்களைப் பார்க்காமல் யாரும் பதில் சொல்லக் கூடாது, நானும் சொல்ல மாட்டேன். சிட்டா, பழைய பட்டா நகல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு உங்கள் ஊர் சிவில் வக்கீலைப் பாருங்கள். தள்ளிப்போடாதீர்கள்.

தேவகி
ஜனவரி 17

சரிங்க ஐயா. போய்ப் பார்க்கிறேன். அண்ணன் பேரில் மாறியது 2011-லோ என்னவோ.

வாசு
ஜனவரி 19

நான் திரும்ப வந்துவிட்டேன். ஓலைக்கட்டு ஐயா, 1779 வெறும் வரி உரிமைதான் என்று நீதிமன்றம் சொன்னது சரி. அப்படியானால் தாத்ரா, நகர் ஹவேலியில் போர்ச்சுகலுக்கு இறையாண்மையே இல்லை என்று முடிந்திருக்க வேண்டுமே? ஆனால் தீர்ப்பு அப்படி முடியவில்லையே.

ஓலைக்கட்டு
ஜனவரி 20

இதைக் கேட்பீர்கள் என்றுதான் காத்திருந்தேன். எனக்கு இந்த வழக்கில் ஆர்வம் வந்ததே இந்த இடத்தில்தான்.

வருவாய்த் துறையில் ஆவண அறையில் பல வருஷம் இருந்தவன் நான். இனாம் நிலத் தகராறு வந்தால் முதலில் எழும் கேள்வி, அரசர் கொடுத்தது மேல்வாரமா, இரு வாரமுமா என்பது. மேல்வாரம் மட்டும் என்றால் வரிப் பங்குதான் இனாம்தாருடையது, நிலம் உழுகிறவனுடையது. ஆனால் சில கட்டுகளில் வேறொன்று தெரியும். தொடக்கத்தில் மேல்வாரம் மட்டுமே வாங்கிய குடும்பம், நடுவில் எப்போதோ உழுகிறவனின் பங்கான குடிவாரத்தையும் தனியாகச் சேர்த்திருக்கும். அதற்கு மூலப் பட்டயம் ஆதாரமாகாது. அந்த இரண்டாவது சேர்க்கைக்கு அதற்குரிய தேதி, அதற்குரிய சான்று வேண்டும். ஒரே நிலத்துக்கு இரண்டு பிறந்த தேதிகள்.

உலக நீதிமன்றம் செய்ததும் இதுவே. 1818-ல் பேஷ்வா ஆட்சி முடிந்து அந்தப் பகுதி பிரிட்டிஷார் கைக்கு வந்தது. அவர்கள் வந்து பார்த்தபோது அந்தக் கிராமங்களை முழுக்கப் போர்ச்சுகீசியர் ஆண்டுகொண்டிருந்தார்கள். பேஷ்வாவின் இடத்தில் உட்கார்ந்த பிரிட்டிஷார், அந்த மேல் உரிமை எங்களுடையது என்று ஒருநாளும் கேட்கவில்லை. நடப்பில் போர்ச்சுகலை அங்கே இறையாண்மை உள்ளவராகவே நடத்தினார்கள். சுதந்திர இந்தியாவும் பேசாமல் அதை ஏற்றது என்றது நீதிமன்றம். ஆக, இறையாண்மையின் பிறந்த தேதி 1779 இல்லை, 1818-க்குப் பிறகு. அது பிறந்த விதமும் வேறு: எதிராளியின் ஏற்பு.

இந்த ஒழுங்கில்தான் பலர் சறுக்குகிறார்கள். பழைய காலத்துச் சட்டம் என்று சொன்னதும் மிகப் பழைய தாளைத் தேடி ஓடுகிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, நான் கோரும் இந்த உரிமை, இந்த அளவில், எந்தச் செயலால் எந்த ஆண்டில் உண்டானது என்பது. அந்த ஆண்டு கிடைத்தால்தான் எந்தச் சட்டம் என்ற கேள்விக்கே வர முடியும்.

ஓலைக்கட்டு
ஜனவரி 20, தொடர்ச்சி

போக்குவரத்து உரிமையையும் அதே மாதிரி துண்டு துண்டாக வெட்டினார்கள். தனி ஆட்கள், சிவில் அதிகாரிகள், சாதாரணச் சரக்கு இவை நூற்றுக்கும் மேற்பட்ட ஆண்டுகள் தடையில்லாமல் போய்வந்தன. எனவே அதில் உரிமை பிறந்துவிட்டது. படை, ஆயுதம் தாங்கிய போலீஸ், ஆயுதங்கள் இவை பிரிட்டிஷாரிடம் கேட்டுத்தான் போயின. 1878-ல் இரண்டு அரசுகளும் செய்த ஒப்பந்தத்திலேயே முறைப்படி கேட்க வேண்டும் என்று இருக்கிறது. அனுமதி கேட்டுப் போகிற பாதை எத்தனை வருஷம் போனாலும் உரிமை ஆகாது. ஆகவே அதில் உரிமை பிறக்கவே இல்லை. படை விஷயத்தில் நீதிபதிகள் எட்டுக்கு ஏழு என்று பிரிந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். ஒரு ஓட்டு மாறியிருந்தால் கதை வேறு.

1954 ஜூலையில் தாத்ராவில் போர்ச்சுகீசிய நிர்வாகம் விழுந்தது. ஆகஸ்டு தொடக்கத்தில் சில்வாசாவும் கைவிட்டுப் போனது. அந்த நேரத்தில் எல்லைப்புறமே கொதித்துக்கொண்டிருந்தது. பாதையை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் இந்தியாவுக்கு எப்போதும் உண்டு, அந்த நிலைமையில் இந்தியா பாதையை அடைத்தது அந்த அதிகாரத்துக்கு உட்பட்டதுதான் என்று ஒன்பதுக்கு ஆறு என்ற கணக்கில் முடித்தார்கள். உரிமை இருந்தது, மீறல் இல்லை.

ரொசாரியோ
ஜனவரி 22

என் மனைவியின் ஊர் மட்காவ், அதனால் இந்தப் பேச்சு எங்கள் வீட்டில் அடிக்கடி நடக்கும். ஓலைக்கட்டு சார் சொல்வது வழக்கறிஞர் பார்வையில் அழகாக இருக்கிறது. ஆனால் அதிலிருந்து நீளும் கோட்டைப் பாருங்கள். 1510-ல் அல்புகெர்க் கோவாவைப் பிடித்தான். அன்றைக்குப் படையெடுத்துப் பிடிப்பது சட்டப்படி செல்லும். உங்கள் விதிப்படி போர்ச்சுகலின் உரிமை 1961 வரை அசையாமல் நிற்கிறது. 1961 டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் இந்தியா சொன்னது நேர் எதிர்: அந்தப் பிடிப்பே சட்டவிரோதம், போர்ச்சுகலுக்கு அங்கே எந்த உரிமையும் இருந்ததில்லை, அங்கே நாடுகளுக்கு இடையிலான எல்லையே இல்லை. இரண்டில் ஒன்றுதான் சரி. நான் இந்தியாவின் பக்கம்.

வாசு
ஜனவரி 22

நான் முதல் நாள் கேட்டதும் இதுதான். ரொசாரியோ சார் நன்றாகச் சொல்லிவிட்டார்.

ஓலைக்கட்டு
ஜனவரி 23

இரண்டில் ஒன்று என்று நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். 1510-ல் பிடித்தது அன்றே செல்லாது என்றால், அதே 1510-ல் தக்காணத்தில் நடந்த மற்ற எல்லாப் பிடிப்புகளும் செல்லாது. பீஜாப்பூர் சுல்தான் கோவாவை வைத்திருந்ததும் பிடித்துத்தான். எங்கே போய் நிறுத்துவீர்கள்?

ஹூபரின் இரண்டாம் காலை இங்கே வையுங்கள். உரிமை 1510-ன் சட்டப்படி பிறந்தது, சரி. அது தொடர்ந்து இருக்க வேண்டுமானால் வளர்ந்த சட்டம் கேட்பதைக் கொடுக்க வேண்டும். 1960 டிசம்பர் 14-ல் ஐ.நா. பொதுச்சபை 1514-ஆம் தீர்மானத்தில் காலனிகளை விடுவிக்கச் சொன்னது. அடுத்த நாளே போர்ச்சுகலின் பெயரைச் சொல்லி, கோவாவையும் சேர்த்து, இவை உன் மாகாணங்கள் அல்ல, தன்னாட்சி இல்லாத பிரதேசங்கள் என்றது. போர்ச்சுகல் கேட்கவில்லை. அப்படிப்பட்டவன் கையில் அந்தப் பழைய உரிமை எவ்வளவு நாள் உயிரோடு இருக்கும்? என் வாதம்: 1510-ஐத் தொடாமலே 1961-ல் அந்த உரிமை வற்றிவிட்டது என்று சொல்ல இடம் இருக்கிறது. ஜெசப் பயந்த அதே இரண்டாம் கால், இங்கே ஆளப்பட்ட மக்களுக்குக் கைகொடுக்கிறது.

1960 தீர்ப்பிலேயே அர்ஜென்டினாவின் மொரேனோ கின்டானா ஏறக்குறைய இந்தத் திசையில்தான் தனித்து எழுதினார். மறுக்க முடியாத சான்று இல்லாமல் காலனி முறை நீடிப்பதை ஆதரிப்பது ஐ.நா. சாசனத்துக்கு எதிரானது என்று. மற்றவர்கள் அந்த வழியில் போகவில்லை.

சலீமா
ஜனவரி 23

ஐயா, 1961-ல் சுயநிர்ணயம் அவ்வளவு உறுதியான சட்டமாகிவிட்டதா? எங்கள் பேராசிரியர், அது தீர்மானம்தான், சட்டமானது எப்போது என்பதே சண்டை என்பார். அதோடு இன்னொன்று: உரிமை வற்றிவிட்டது என்றே வைத்தாலும், படை அனுப்பி எடுத்துக்கொள்ளலாம் என்று அதிலிருந்து வராதே? சாசனத்தில் படைபலத் தடையும் அதே காலத்துச் சட்டம்தானே?

ஓலைக்கட்டு
ஜனவரி 24

இரண்டும் சரியான கொக்கிகள். 1961-ல் அது எவ்வளவு உறுதி என்பதில் என் வாதம் நான் விரும்பும் அளவுக்குப் பலமானது அல்ல. படை விஷயம் தனிக் கேள்வி, உரிமை வற்றியதால் மட்டும் அதற்குப் பதில் கிடைத்துவிடாது. பாதுகாப்புச் சபையில் படையை விலக்கச் சொன்ன தீர்மானத்துக்கு ஏழு ஓட்டு கிடைத்தும், சோவியத் ஒன்றியத்தின் மறுப்பால்தான் அது விழுந்தது.

வாசுவுக்கு ஒன்று. அன்றைய சட்டம் எப்போதும் ஆதிக்கக்காரனுக்கே உதவும் என்றீர்கள். 1975-ல் மேற்கு சஹாரா பற்றி உலக நீதிமன்றத்திடம் கருத்துக் கேட்டார்கள்: ஸ்பெயின் வந்த 1884 காலத்தில் அது யாருமற்ற நிலமா? இன்றைய நியாயத்தை வைத்து அவர்கள் பதில் சொல்லவில்லை. 1884-ன் நாடுகளின் நடைமுறையையே எடுத்துப் பார்த்தார்கள். சமூக, அரசியல் அமைப்போடு மக்கள் வாழ்ந்த இடத்தை அன்றைக்கும் யாருமற்ற நிலம் என்று அவர்கள் நடத்தவில்லை, தலைவர்களோடு ஒப்பந்தம் போட்டுத்தான் உள்ளே போனார்கள் என்று முடிவு வந்தது. வெறும் நிலம், வந்து எடுத்துக்கொண்டோம் என்ற கதை அவர்களுடைய காலத்துச் சட்டத்திலேயே நிற்கவில்லை.

ரொசாரியோ
ஜனவரி 26

மேற்கு சஹாரா எடுத்துக்காட்டை ஒப்புக்கொள்கிறேன். கோவா விஷயத்தில் இல்லை. 'உரிமை இருந்தது, பிறகு வற்றியது' என்றால் 450 வருஷம் முறையாக ஆண்டார்கள் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி ஆகிறது. என்னால் அதற்கு ஒப்ப முடியாது.

ஓலைக்கட்டு
ஜனவரி 26

இந்தியா அந்தக் கையெழுத்தை ஏறக்குறையப் போட்டுவிட்டது ரொசாரியோ. லிஸ்பனில் ஆட்சி மாறியபின், 1974 டிசம்பர் 31-ல் இரண்டு நாடுகளும் ஓர் உடன்படிக்கை செய்தன. கோவா, டாமன், டையூ, தாத்ரா, நகர் ஹவேலி மீது இந்தியாவின் முழு இறையாண்மையைப் போர்ச்சுகல் அதில் ஏற்றுக்கொண்டது. எந்தத் தேதியிலிருந்து? நம் அரசியல் சட்டப்படி அவை இந்தியாவின் பகுதியான தேதிகளிலிருந்து. தாத்ரா, நகர் ஹவேலிக்கு அது 1961 ஆகஸ்டு 11. கோவாவுக்கு 1961 டிசம்பர் 20. 1510-லிருந்து என்று இந்தியா கேட்கவில்லை. 1974-லிருந்துதான் என்று போர்ச்சுகலும் பிடிவாதம் பிடிக்கவில்லை.

1954 ஆகஸ்டிலிருந்து 1961 ஆகஸ்டு வரை தாத்ரா, நகர் ஹவேலி யாருடையது என்பதற்கு மட்டும் அதில் நேரான பதில் இல்லை. அங்கே ஒரு பஞ்சாயத்து தானே ஆட்சி நடத்தியது. கடைசியில் பட்லானி என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரியை ஒருநாள் பிரதமராக்கி, இணைப்பு ஆவணத்தில் கையெழுத்திட வைத்தார்கள். அந்த ஏழு வருஷங்களை எந்தச் சட்டத்தில் வைப்பது என்று சலீமா தன் பேராசிரியரிடம் கேட்டுச் சொன்னால் நானும் தெரிந்துகொள்வேன்.

சலீமா
ஜனவரி 27

கேட்டேன் ஐயா. காகிதத்தில் போர்ச்சுகல், நடப்பில் பஞ்சாயத்து என்றார். 1960 தீர்ப்பு அந்தக் கவிழ்ப்பு சட்டப்படி சரியா என்பதைத் தொடவே இல்லை, போர்ச்சுகலின் உரிமையை 1954 வரைக்கும் மட்டும் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டது என்றும் சொன்னார். அது கவனமாகச் செய்ததா, நழுவியதா என்று வகுப்பில் இரண்டு கட்சியாகிவிட்டோம்.

ரொசாரியோ
ஜனவரி 27

நழுவியதுதான். உடன்படிக்கையின் முழு வாசகத்தை இந்த வாரம் படித்துவிட்டு வருகிறேன், தேதிப் பகுதியில் இன்னும் பேச வேண்டியது இருக்கிறது.